சேர்க்கைச் சீட்டில் இல்லாத வாயில்

ஜூன் மாதத் தொடக்கத்தில் பள்ளிகள் திறக்கும் நாளன்று, தமிழகத்தின் பள்ளித் தெருக்களில் காலை ஏழரை மணி முதல் ஒன்பதரை மணிவரை நிலவும் நெரிசல் ஆண்டுதோறும் நாளிதழ்களில் படமாக வெளியாகிறது. வாகனங்கள் பெருகிவிட்டன என்பதே அப்படத்துக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். புதிதாகச் சேர்ந்த குழந்தையை எந்த வாயிலில், தெருவின் எந்தப் பக்கத்தில், எத்தனை மணிக்கு இறக்கிவிட வேண்டும் என்பதைப் பெற்றோருக்கு எவரும் எழுத்தில் சொல்லவில்லை என்பது அந்த நெரிசலுக்கு இன்னொரு காரணம். பணச் செலவின்றி நீக்கக்கூடிய காரணமும் அதுவே.

கட்டணம், சீருடை வாங்கும் கடை, நோட்டுப் புத்தகங்களின் எண்ணிக்கை, காலணியின் நிறம் ஆகிய அனைத்தும் சேர்க்கைச் சீட்டிலோ அதனோடு தரப்படும் தாளிலோ அச்சாகியிருக்கின்றன. காலுறையில் எத்தனை கோடு இருக்க வேண்டும் என்றுகூட எழுதும் பள்ளிகள், குழந்தை எந்தக் கதவு வழியாக உள்ளே வர வேண்டும் என்று எழுதுவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அலுவலகம் கருதுகிறது. பழைய மாணவர்களின் பெற்றோரைப் பொறுத்தவரை அது சரிதான். புதியவர்களுக்குத் தெரிய வழியில்லை என்பது, அவர்கள் பூட்டிய கதவின் முன் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கைப்பேசியுமாக நிற்கும்போதுதான் வெளிப்படுகிறது.

இரண்டு நாள்கள், இரண்டு வாயில்கள்

சேர்க்கை நடைபெறும் நாளும் குழந்தையை ஒப்படைக்கும் முதல் நாளும் பள்ளியின் இயக்கத்தில் முற்றிலும் வேறுபட்டவை. தனியார் பள்ளிகள் பலவற்றில் சேர்க்கை கோடை விடுமுறைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அரசுப் பள்ளிகளிலும் அண்மை ஆண்டுகளில் மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. விண்ணப்பம் கொடுக்கவும் சான்றிதழ் காட்டவும் பெற்றோர் வரும்போது அவர்கள் நுழைவது அலுவலகத்துக்கு அருகிலுள்ள வாயில் வழியாக. அதுவும் முற்பகல் பதினொரு மணிக்கு, தெரு காலியாக இருக்கும் வேளையில். அந்த வாயிலே பள்ளியின் வாயில் என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது.

பள்ளி திறந்த நாளில் அந்த வாயில் பெரும்பாலும் ஆசிரியர்களுக்கும் அலுவலக வருகையாளர்களுக்கும் உரியதாகிவிடுகிறது. மாணவர்களுக்கு வேறொரு வாயில் திறக்கப்படுகிறது. வேன்களும் பேருந்துகளும் உள்ளே போய்த் திரும்புவதற்கு மற்றொன்று இருக்கலாம். மழலையர் வகுப்புகளுக்குப் பின்தெருவில் தனியாக ஒரு சிறு வாயில் இருப்பதும் உண்டு. சில பள்ளிகளில் மழலையர் பிரிவே இரண்டு தெரு தள்ளி, அதே பெயர்ப் பலகையோடு வேறொரு கட்டடத்தில் இயங்குகிறது. சேர்க்கை பெரிய கட்டடத்தில் நடந்திருக்கும். குழந்தை உட்கார வேண்டிய வகுப்பறையோ சின்னக் கட்டடத்தில் இருக்கும்.

தவறான வாயிலுக்கு வந்துவிட்டதை எப்படி அறிவது என்பதும் சொல்லப்பட வேண்டியதே. பெரிய இரும்புக் கதவு மூடியிருந்து, அதிலுள்ள திட்டிவாசல், அதாவது பெருங்கதவுக்குள் ஆள் மட்டும் நுழையும்படி அமைந்த சிறு கதவு, பாதி திறந்திருந்தால் அது பணியாளர்களுக்கான வழியாகவே இருக்கும். உள்ளே போகிறவர்கள் அனைவரும் உயரமான மாணவர்களாகவும் மிதிவண்டியோடு வருகிறவர்களாகவும் இருந்தால் அது மேல்வகுப்புகளுக்கான வாயில். கதவின் முன் தரையில் கனரக வாகனங்களின் சக்கரத் தடங்கள் வளைந்து கிடந்தால் அது பேருந்து வாயில். அங்கே குழந்தையோடு நிற்பது சில நிமிடங்களுக்குக்கூட நல்லதன்று. மாறாக, தோளில் தண்ணீர்ப் புட்டி தொங்கும் சிறு குழந்தைகளும், கதவுக்கு உள்பக்கம் ஓர் ஆயாவோ ஆசிரியையோ பெயர்ப் பட்டியலோடு நிற்பதும் தெரிந்தால் அதுவே தேடிய இடம்.

வரைபடத்தின் புள்ளியும் மதிற்சுவரும்

புதிய பெற்றோர் பலர் கைப்பேசி வரைபடத்தின் துணையோடு வருகிறார்கள். வரைபடத்தில் பள்ளியின் பெயருக்குரிய குறி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவிலோ நிலத்தின் நடுவிலோ வைக்கப்பட்டிருக்கிறது, வாயிலில் அன்று. வழிகாட்டும் செயலி, வாயில் எங்கே என்று தனியாகக் குறிக்கப்படாத இடங்களில், அந்தக் குறிக்கு மிக நெருங்கிய சாலை எதுவோ அதுவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, சேர வேண்டிய இடம் வந்துவிட்டது என்று அறிவித்துவிடுகிறது. குறிக்கும் சாலைக்கும் நடுவே எட்டடி மதிற்சுவர் இருப்பது அதற்குத் தெரியாது.

முகவரியாலும் தீர்வு கிடைப்பதில்லை. பள்ளியின் முகவரியில் நெடுஞ்சாலையின் பெயரோ முதன்மைச் சாலையின் பெயரோ இருக்கும். குழந்தைகளின் வாயில் குறுக்குத் தெருவில் இருக்கும். ஆட்டோ ஓட்டுநரிடம் பள்ளியின் பெயரைச் சொன்னால் அவர் முதன்மைச் சாலையில் இறக்கிவிடுவார். அது அவருடைய பிழையன்று. எனவே பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி, பள்ளி எங்கே இருக்கிறது என்பதன்று; இந்த வகுப்புக் குழந்தைகளுக்கு எந்த வாயில், அது எந்தத் தெருவில் திறக்கிறது, அந்த வாயிலின் இருப்பிடக் குறியை அனுப்ப முடியுமா என்பதே. வாயிலில் நின்றுகொண்டு அலுவலகப் பணியாளர் ஒருவர் தம் கைப்பேசியிலிருந்து இருப்பிடத்தை ஒருமுறை பகிர்ந்துவிட்டால், அந்த ஆண்டு சேரும் அத்தனை பெற்றோருக்கும் அதையே அனுப்பலாம்.

முந்தைய நாளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்னும் வழக்கமான அறிவுரையில் ஒரு குறை உண்டு. விடுமுறையில் வாயிலையும் தெருவையும் பார்க்க முடியுமே தவிர நெரிசலைப் பார்க்க முடியாது. இருந்தாலும் போய்ப் பார்ப்பது வீணன்று. ஏனெனில் அங்கே காவலாளி இருப்பார், எதிரே தேநீர்க்கடையோ எழுதுபொருள் கடையோ இருக்கும். வேன்கள் எத்தனை மணிக்கு வரத் தொடங்கும், எந்த முனையில் அடைத்துக்கொள்ளும், மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்கும் ஆகியவற்றைப் பள்ளியின் தாளாளரைவிட அந்தக் கடைக்காரர் துல்லியமாகச் சொல்லக்கூடியவர்.

எட்டு வண்டிகளின் கணக்கு

இறக்கிவிடுமிடம் என்பதும் நிறுத்துமிடம் என்பதும் ஒன்றல்ல. வண்டி நின்று, குழந்தை இறங்கி, உடனே வண்டி நகர்ந்துவிடும் இடம் முதலாவது. வண்டியைப் பூட்டிவிட்டு ஓட்டுநர் விலகிச் செல்லும் இடம் இரண்டாவது. இந்த வேறுபாடு மறக்கப்படும்போது ஒரு தெரு எவ்வாறு உறைந்துபோகிறது என்பதைக் கற்பனையான ஒரு பள்ளியைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பள்ளியின் குழந்தைகள் வாயில் இருபதடி அகலமுள்ள, அதாவது ஏறக்குறைய ஆறு மீட்டர் அகலமுள்ள தெருவில் அமைந்திருக்கிறது. வாயிலை ஒட்டிய மதிலோரம் நாற்பத்தெட்டு மீட்டர் நீளத்துக்கு வண்டிகள் நிற்க இடம் உண்டு. நின்று விலகுவதற்கான இடைவெளியையும் சேர்த்து ஒரு காருக்கு ஆறு மீட்டர் வேண்டும் என்றால், ஒரே நேரத்தில் எட்டு கார்கள் நிற்கலாம். காலையில் வரும் கார்கள் 160 என்று கொண்டால், எட்டு எட்டாக இருபது தொகுதிகள் அங்கே நின்று போக வேண்டும். ஒவ்வொரு காரும் ஒரு நிமிடத்தில் விலகிவிட்டால் இருபது நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆண்டின் நடுவில், பழகிய பெற்றோரோடு, ஏறத்தாழ இவ்வாறே நடக்கிறது.

முதல் நாளில் நிலைமை வேறு. குழந்தை அழுகிறது, வகுப்பறை வரை கொண்டுபோய் விட வேண்டும் என்று தாய் விரும்புகிறார், வாயிலருகே படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தாத்தா விரும்புகிறார். ஒவ்வொரு காரும் நிற்கும் நேரம் ஒரு நிமிடத்திலிருந்து ஆறு நிமிடமாக நீண்டால், அதே 160 கார்களுக்கு இரண்டு மணி நேரம் தேவைப்படுகிறது. வண்டிகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூட மாறவில்லை. மாறியது நிற்கும் நேரம் மட்டுமே. காத்திருக்க மனமில்லாதவர்கள் எதிர்ப்பக்கத்தில் நிறுத்தத் தொடங்குகிறார்கள். ஒரு கார் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர் அகலம் உடையது. தெருவின் இரு பக்கமும் கார்கள் நின்றால் நடுவே எஞ்சுவது இரண்டரை மீட்டர். அதற்குள் ஒரு வேன் புகுந்து, எதிரே ஓர் ஆட்டோ வந்துவிட்டால், இரண்டில் ஒன்று பின்னோக்கிப் போக வேண்டும். பின்னோக்கி நகரும் வண்டியின் பின்னால் நடந்து வருகிறவர்கள் குழந்தைகள்.

இதற்குத் தீர்வாக, பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று கதவை அடைத்துவிடும் பள்ளிகள் உண்டு. மூன்றரை வயதுக் குழந்தையை முதல் நாளே கதவிடுக்கின் வழியாகக் கைமாற்றச் சொல்வது கொடுமை என்பது ஒருபுறம் இருக்க, அதனால் நெரிசலும் குறைவதில்லை. பெற்றோர் கதவுக்கு வெளியே அதே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். உள்ளே வர விரும்பும் பெற்றோருக்கு வேறு நேரம் கொடுப்பதே பொருத்தமானது. பழைய மாணவர்கள் எட்டரை மணிக்குள் வந்துவிட, புதிதாகச் சேர்ந்த மழலையர் முதல் மூன்று நாள்களுக்கு மட்டும் ஒன்பதரை மணிக்கு வரலாம் என்று வைத்தால், அதே தெரு, அதே வாயில், அதே காவலாளி ஆகியவற்றைக் கொண்டே இரு கூட்டத்தையும் சமாளிக்க முடியும். சில மழலையர் பள்ளிகள் ஏற்கெனவே இப்படிச் செய்கின்றன. பெரிய பள்ளிகள்தான் மணியடிக்கும் நேரத்தை மாற்றுவதை மரபு மீறலாகக் கருதுகின்றன.

எந்தப் பக்கம் இறங்குவது

வாயில் எது என்று தெரிந்துவிட்ட பிறகும் எஞ்சுகிற கேள்வி, எந்தத் திசையிலிருந்து அங்கே வந்து சேர்வது என்பது. இந்தியச் சாலைகளில் வண்டிகள் இடப்பக்கமாகச் செல்வதால், பள்ளி வாயில் வண்டிக்கு இடப்பக்கம் அமையுமாறு வந்தால் குழந்தை மதிலோரத்தில் இறங்கி நேராக உள்ளே போய்விடும். வாயில் வலப்பக்கம் அமைந்தால், குழந்தை இறங்குவது தெருவின் எதிரோரத்தில். அங்கிருந்து அது தெருவைக் கடக்க வேண்டும். ஐந்து நிமிடம் மிச்சம் என்பதற்காக எதிரோரத்தில் நிறுத்தி, ஓடிப் போய்விடு என்று சொல்லி அனுப்புவது அன்றாடக் காட்சி. அடுத்த முனை வரை சென்று திரும்பி வந்து வாயிலை இடப்பக்கம் ஆக்கிக்கொள்வதே முறை. அதற்கான சந்து எது என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஆறு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 115 சென்டிமீட்டர். இன்று விற்பனையாகும் உயரமான கார்களின் முன்மூடியே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் இருப்பதால், நின்றுகொண்டிருக்கும் இரண்டு கார்களின் இடையிலிருந்து வெளிப்படும் குழந்தையின் தலை மட்டுமே வருகிற ஓட்டுநருக்குத் தெரியும். புத்தகப்பை சுமந்து குனிந்திருந்தால் அதுவும் தெரியாது. மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு கால் நகர்த்தும் ஒரு நொடிக்குள்ளேயே எட்டு மீட்டர் கடந்துவிடுகிறது. பள்ளி வாயிலருகே வண்டி நிறுத்தக் கூடாது என்று சாலை விதிமுறைகள் சொல்வதற்கு, வழி அடைபடுவது மட்டுமன்றி, நிற்கும் வண்டி பார்வையை மறைப்பதும் காரணம்.

காரைவிடத் தமிழகத்தில் மிகுதியாகக் குழந்தைகளைச் சுமப்பது இருசக்கர வாகனம். அதில் ஒரு தனி ஆபத்து உண்டு; அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் குழந்தை முன்னால் நின்றுகொண்டு வரும். புத்தகப்பை கால் வைக்கும் இடத்தில் இருக்கும். வாயிலில் நின்றதும் தந்தை என்ஜினை அணைக்காமலேயே காலை ஊன்றிக்கொண்டு பையை எடுக்கக் குனிகிறார், இறங்க முனையும் குழந்தை பிடிமானத்துக்கு வலப்புறக் கைப்பிடியைப் பற்றுகிறது, அது ஆக்ஸிலேட்டர். பிடித்துத் தொங்கும் குழந்தையின் எடையே அதைத் திருகிவிட, வண்டி முன்னே பாய்ந்துவிடுகிறது. என்ஜினை அணைத்த பிறகே குழந்தையை அசையவிடுவது என்னும் ஒரே பழக்கம் இதைத் தடுத்துவிடும். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசம் கட்டாயம் என்பதும், அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தையைப் பெரியவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்னும் விதி 2023 பிப்ரவரி முதல் நடப்பில் இருப்பதும் இங்கே நினைவூட்டத்தக்கவை. முதல் நாளில் தலைக்கவசத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களே மிகுதி. அதைப் பெற்றோரே திரும்ப எடுத்துச் செல்லலாம்.

வளாகத்துக்குள்ளும் தெரு உண்டு

வாயிலைத் தாண்டிவிட்டால் குழந்தை பாதுகாப்பாக இருக்கிறது என்னும் எண்ணம் பெற்றோருக்கு இயல்பானது. ஆனால் 2022 மார்ச் 28 அன்று சென்னை ஆழ்வார்திருநகரில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே, வேனிலிருந்து இறங்கிய இரண்டாம் வகுப்பு மாணவன் அதே வேன் மோதி உயிரிழந்தான். அதன் பிறகு, பள்ளி வாகனங்களுக்கென்று 2012இல் தமிழக அரசு கொண்டுவந்திருந்த சிறப்பு விதிகள் திருத்தப்பட்டு, வாகனத்தின் முன்னும் பின்னும் கேமராவும், பின்புறம் தடையை உணர்ந்து எச்சரிக்கும் கருவியும் கட்டாயமாக்கப்பட்டன. அந்த 2012ஆம் ஆண்டு விதிகளே, சென்னைப் புறநகரில் ஓடும் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகு பிறந்தவை.

கேமராவும் கருவியும் ஓட்டுநருக்கு உதவுபவை. குழந்தைகள் நடக்கும் தரையும் வேன்கள் திரும்பும் தரையும் ஒன்றாகவே இருக்கும்வரை அவற்றின் பயன் அந்த அளவோடு நின்றுவிடும். ஆகவே பெற்றோர் முதல் நாளில் வாயிலில் நின்று உள்ளே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: குழந்தை வாயிலிலிருந்து வகுப்பறை வரை நடக்கும் பாதை, வேன்கள் செல்லும் பாதையை எங்கேனும் குறுக்கிடுகிறதா என்பது. குறுக்கிட்டால், அந்த இடத்தில் ஒருவர் நிற்கிறாரா, அல்லது குழந்தைகள் உள்ளே போய் முடியும்வரை வேன்கள் அசையாமல் நிறுத்திவைக்கப்படுகின்றனவா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. வண்டிகள் பின்னோக்கி நகரத் தேவையே இல்லாதபடி ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேறும் அமைப்பு இருந்தால் அது சிறந்த ஏற்பாடு. இடமில்லாத பள்ளிகளில் நேரத்தைப் பிரிப்பதே வழி.

பொறுப்பு கைமாறும் இடமும் வாயில்தான். எந்த இடத்தில், யாரிடம் குழந்தை ஒப்படைக்கப்பட்டது என்பது முதல் நாளிலேயே தெளிவாகிவிட வேண்டும். மாலையில் அதே வாயிலில் அதே ஆள் இருப்பார் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. முதல் வாரத்தில் மழலையருக்கு அரை நாள் மட்டுமே வகுப்பு என்பதால், அவர்கள் வெளியேறும் நேரத்தில் மேல்வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும். காலையில் நுழைந்த வாயில் பூட்டியிருந்து, அழைத்துச் செல்லும் வாயில் வேறாக இருக்கலாம். காலையில் இறக்கிவிட்டவர் தந்தையாகவும் நண்பகலில் அழைக்க வருகிறவர் பாட்டியாகவும் இருந்தால், இந்தச் செய்தி பாட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

நடந்து வருகிறவர்கள்

இதுவரை சொன்னவற்றில் வண்டிகளே மிகுதியாக வந்துவிட்டன; ஆனால் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் படிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நடந்தோ அரசுப் பேருந்திலோ வருகிறவர்கள். அவர்களுக்கு இறக்கிவிடுமிடம் என்பது பேருந்து நிறுத்தம். நெடுஞ்சாலையோரப் பள்ளிகளில் அந்த நிறுத்தம் பள்ளிக்கு எதிர்ப்பக்கம் அமைந்துவிட்டால், முதல் நாளில் புதிய குழந்தை சந்திக்கும் சிக்கல் நெரிசலன்று, சாலையைக் கடப்பது. ஊரிலிருந்து வரும்போது கடக்கத் தேவையில்லை என்றால், ஊர் திரும்பும்போது கடந்தே ஆக வேண்டும். இரண்டில் ஒன்று தப்பாது. காலையில் மட்டும் தாய் உடன் வந்து பார்த்துவிட்டுப் போனால் பாதி வழியே தெரிந்ததாகும்.

நகரங்களில் நடந்து வருகிறவர்களுக்குரிய நடைபாதை, பள்ளி வாயிலருகேதான் பெரும்பாலும் காணாமற் போகிறது. மின்மாற்றியோ, குப்பைத் தொட்டியோ, மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளமோ அங்கே இருக்கும். கோடை விடுமுறையில் தோண்டத் தொடங்கி ஜூன் மாதத்தில் மண்மேடாக விட்டுவைப்பது உள்ளாட்சிகளின் நெடுநாள் வழக்கம். பள்ளி திறக்கும் தேதி அரசுக்கு முன்பே தெரியும் என்பதால் இதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

செய்யக்கூடியவை

முதலாவது, சேர்க்கைச் சீட்டின் பின்பக்கத்தில் ஐந்து செய்திகள் அச்சிடப்பட வேண்டும்: வகுப்புக்குரிய வாயிலின் பெயரும் அது திறக்கும் தெருவும், முதல் வாரத்தின் வருகை நேரம், வாயில் இடப்பக்கம் அமையும்படி வந்து சேரும் வழி, உள்ளே வர விரும்பும் பெற்றோர் வண்டியை நிறுத்த வேண்டிய இடம், அழைத்துச் செல்லும் வாயிலும் நேரமும். கையால் வரைந்த ஒரு கோட்டுப்படம் இருந்தால் போதும்; எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் புரியும்படி வாயில்களுக்கு நீலம், பச்சை, மஞ்சள் என்று வண்ணம் பூசி, அதே வண்ணத்தைச் சீட்டில் ஒட்டிவிடலாம்.

இரண்டாவது, வாயிலிலிருந்து நூறு, நூற்றைம்பது மீட்டர் தொலைவில், ஒரு திடலிலோ கோவில் வெளியிலோ திருமண மண்டப முற்றத்திலோ, உரியவர்களின் இசைவோடு ஓர் இடத்தை முதல் வாரத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு, உள்ளே வர விரும்பும் பெற்றோர் அனைவரும் அங்கே வண்டியை விட்டுவிட்டு நடந்து வரச் செய்யலாம். முகூர்த்த நாள் தவிர்த்த காலை வேளைகளில் மண்டபங்களின் முற்றம் காலியாகவே கிடக்கிறது. அழும் குழந்தை அந்த இரண்டு நிமிட நடையில் அமைதியடைந்துவிடுவதும் உண்டு.

மூன்றாவது, தெருவைப் பற்றியது. இத்தாலியின் போல்சானோ நகரில் 1989 முதல், பள்ளி தொடங்கும் வேளையிலும் முடியும் வேளையிலும் சிறிது நேரத்துக்குப் பள்ளித் தெருவில் மோட்டார் வாகனங்கள் நுழையாதபடி தடுப்பு வைக்கிறார்கள்; பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் நகரங்களுக்கும் அது பின்னர் பரவியிருக்கிறது. தமிழகத்தின் எல்லாத் தெருக்களுக்கும் அது பொருந்தாது. மாற்றுவழி இல்லாத முட்டுச்சந்துகளில் குடியிருப்போருக்கு அது இடையூறாகும். ஆனால் இருபுறமும் திறந்த குறுக்குத் தெருக்களில், காலையில் ஒரு மணி நேரம் ஒருவழிப் பாதையாக்குவது மட்டுமே, வண்டிகள் எதிரெதிரே முட்டிக்கொள்வதையும் பின்னோக்கி நகர்வதையும் நீக்கிவிடும். போக்குவரத்துக் காவல் துறைக்கு அதற்குத் தேவைப்படுபவை இரண்டு தடுப்புப் பலகைகளும் ஒரு காவலரும். பள்ளி நிர்வாகம் மே மாதத்திலேயே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவே.

இவற்றில் எதற்கும் காத்திராமல் பெற்றோர் செய்யக்கூடியது, சேர்க்கைக் கட்டணம் செலுத்திய அன்றே அலுவலகச் சன்னலில் நின்று, குழந்தை எந்த வாயில் வழியாக வர வேண்டும் என்று கேட்டு, அதைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்வது. பத்துப் பேர் கேட்டுவிட்டால், பதினோராவது சீட்டில் பள்ளியே அதை அச்சடித்துத் தந்துவிடும்.